போன்ல சேர்ந்தாச்சு… பில் எங்கே அண்ணாச்சி?

உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி. மேலே திறந்து மூடும் ஒரு மூடி, பக்கத்தில் இரண்டு பொத்தான், பெல்ட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் கிடைத்துவிடுகிறது. வாரத் தவணை வசூலிக்க வருபவர் கையிலும், பார்க்கிங் டோக்கன் கிழித்துக் கொடுப்பவர் கையிலும் பார்த்துப் பழகிய இந்த பில் மெஷின் இப்போது தெருமுனை மளிகைக் கடை, டிபன் கடை, தையல் கடை என்று கல்லாப் பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் வேண்டாம், ஒயர் வேண்டாம். கடைக்காரர் கையில் ஏற்கெனவே இருக்கிற போன் போதும். ப்ளூடூத் வழியாக பில் வந்துவிடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

வரத்தான் செய்கிறது. ஆனால், பெட்டியைப் பிரித்த அன்றைக்கே வருவதில்லை.

சென்னைப் புறநகரில் ஒரு மளிகைக் கடை. அண்ணாச்சி மெஷின் வாங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. “தம்பி, போன்ல சேர்ந்துட்டுன்னு காட்டுது. பில்லு அமுக்குனா பேப்பர் வர மாட்டேங்கு. டூப்ளிகேட் மெஷினைத் தலையில கட்டிட்டானோ?” என்றார். கல்லாவில் நிற்கும் பையன், விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற முடிவில் அட்டைப் பெட்டியைக்கூடத் தேடி எடுத்து வைத்திருந்தான். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. போனிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டிய இரண்டாவது வேலை நடக்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கடையில் பில் வந்த கதையை வரிசையாகப் பார்த்துவிடலாம். இந்த மெஷின் வாங்கியவர்கள் தட்டுத் தடுமாறும் இடங்கள் எல்லாமே அதற்குள் இருக்கின்றன.

போனைத் தொடுவதற்கு முன்

மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க போனே தேவையில்லை. முழுதாக சார்ஜ் ஏற்றி, பில் ரோலைப் போட்டு மூடியை அழுத்தி மூடுங்கள். மெஷினை அணைத்துவிட்டு, பேப்பரைத் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பவர் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான மாடல்கள் தாமாகவே ஒரு சீட்டை அச்சடித்துத் தள்ளும். அதற்கு சுயபரிசோதனைச் சீட்டு என்று பெயர்.

இந்தச் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். போடாதீர்கள். மெஷினின் ப்ளூடூத் பெயர், அதன் பின் நம்பர், எந்த எழுத்துப் பட்டியலில் ஓடுகிறது என்ற விவரம் ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். பல மெஷின்களில் ப்ளூடூத் முகவரியும் இருக்கும். மெஷினின் அடியில் ஒட்டிவிட்டால் ஆறு மாதம் கழித்து போன் மாற்றும்போது யாரையும் கேட்க வேண்டியிருக்காது. ஆனால், தெர்மல் பேப்பர் மங்கிவிடும் என்பதால் ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் ஓடுகிறது, எழுத்து மட்டும் விழவில்லை என்றால், ரோல் தலைகீழாக இருக்கிறது. இந்தப் பேப்பருக்கு ஒரு பக்கம்தான் மருந்துப் பூச்சு. நகத்தால் அழுத்திக் கீறினால் எந்தப் பக்கம் கறுப்புக் கோடு விழுகிறதோ, அந்தப் பக்கம்தான் அச்சடிக்கும் தலையைத் தொட வேண்டும். அண்ணாச்சி கடையில் இந்தச் சோதனை ஒழுங்காகவே முடிந்தது. சீட்டில் பெயர் ‘MTP-II’, பின் நம்பர் ‘0000’ என்று தெளிவாக வந்தது. ஆக, மெஷினில் கோளாறு இல்லை.

அறிமுகம் வேறு, அழைப்பு வேறு

போனில் ப்ளூடூத்தைத் திறந்து, புதிய சாதனம் சேர்ப்பதற்கான இடத்துக்குப் போனால் மெஷினின் பெயர் தெரியும். அதைத் தொட்டால் பின் நம்பர் கேட்கும். பெரும்பாலான மெஷின்களுக்கு ‘0000’ அல்லது ‘1234’. அந்தப் பெட்டியிலேயே ‘தொடர்புகளையும் அழைப்பு வரலாற்றையும் அணுக அனுமதிக்கவா’ என்று ஒரு கட்டம் இருக்கும். பில் அடிக்கிற மெஷினுக்கு உங்கள் மாமா நம்பர் எதற்கு? டிக் போடாமல் விட்டுவிடுங்கள்.

இதோடு ‘பேரிங்’ முடிந்தது. பட்டியலில் மெஷினின் பெயர் ஏறிவிடும். ஆனால் அதன் கீழே ‘இணைக்கப்பட்டது’ என்று வராது. இயர்போன் சேர்த்தால் உடனே வருகிறதே, இதற்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியில்தான் அண்ணாச்சியின் ஒரு வாரம் போனது. திரும்பத் திரும்ப அந்தப் பெயரைத் தொடுவார். ஒரு நொடி ‘இணைக்கிறது’ என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். உடனே பெயரையே நீக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

பேரிங் என்பது இரண்டு பேர் போன் நம்பரை மாற்றிக்கொள்வது போல. நம்பர் கையில் இருக்கிறது என்பதற்காகப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. இயர்போன் விஷயத்தில் அழைப்பை போனே போட்டுவிடுகிறது. பாட்டு எங்கே போக வேண்டும் என்று ஆண்ட்ராய்டுக்குத் தெரியும். பில் மெஷின் அப்படியில்லை. அந்தக் காலத்து கம்ப்யூட்டர்களின் பின்னால் இருந்த சீரியல் போர்ட் ஒயரை ப்ளூடூத்தில் நடித்துக்காட்டும் ‘எஸ்.பி.பி.’ என்ற முறையில்தான் இந்த மெஷின்களில் பெரும்பாலானவை பேசுகின்றன. அந்த ஒயரின் மறுமுனையை பில் போடும் செயலிதான் பிடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு தானாகப் பிடிக்காது.

எனவே, ப்ளூடூத் பட்டியலில் பெயர் ஏறியதும் அமைப்புகளை மூடிவிட்டு, பில் செயலிக்குள் போங்கள். அதில் பிரிண்டர் என்றொரு பகுதி இருக்கும். அங்கே தெர்மல் பிரிண்டர், ப்ளூடூத், 2 இன்ச் அல்லது 58 மி.மீ. என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் மெஷினின் பெயரைத் தொட்டு, சோதனை அச்சு கொடுங்கள். அண்ணாச்சியின் செயலியில் பிரிண்டர் என்ற இடத்தில், ஆரம்பத்தில் வந்தபடியே ‘சாதாரண பிரிண்டர், ஏ4’ என்று இருந்தது. ஒரு வாரமாக அந்தச் செயலி கடையில் இல்லாத ஏ4 பிரிண்டரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

செயலிக்குள் மெஷினின் பெயரே தெரியவில்லை என்றால், அனுமதிதான் காரணமாக இருக்கும். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற அனுமதியைச் செயலிக்குத் தர வேண்டும். அதற்கு முந்தைய பதிப்பாக இருந்தால், புதிய மெஷினைத் தேட இருப்பிட அனுமதி தேவை. பெரும்பாலும் லொகேஷனையும் ஆன் செய்து வைக்க வேண்டியிருக்கும். ‘பில் போடுற ஆப் நான் எங்கே இருக்கேன்னு ஏன் கேக்குது’ என்று பயந்து மறுத்துவிடுகிறவர்கள் உண்டு. பயம் நியாயம்தான். ஆனால், ப்ளூடூத் தேடல் மூலம் ஆள் இருக்கும் இடத்தை ஊகிக்க முடியும் என்பதால், தேடலையே இருப்பிட அனுமதிக்குள் கூகுள் வைத்திருந்தது. பழைய போனில் அந்த அனுமதியைத் தராமல் தேட வழியில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன எஸ்.பி.பி. முறையை ஆப்பிளின் தனி அங்கீகாரம் பெறாத மெஷின்களுக்கு ஐபோன் திறந்துவிடுவதில்லை. ‘பி.எல்.இ.’ எனப்படும் குறைந்த மின்சக்தி ப்ளூடூத்தும் உள்ள மெஷின்தான் வேலை செய்யும். அதையும் போனின் அமைப்புகளில் தேடக் கூடாது. நேராகச் செயலிக்குள் தேட வேண்டும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பக்கத்துக் கடையில் வந்த பில்

சோதனை அச்சு வந்துவிட்டது. மறுநாள் காலையில் இன்னொரு குழப்பம். பையன் போனில் பில் கொடுத்தால் வருகிறது. அண்ணாச்சி போனில் கொடுத்தால் ‘இணைக்க முடியவில்லை’ என்கிறது. மெஷினை ஒன்றுக்கு மேற்பட்ட போன்களோடு பேரிங் செய்யலாம். ஆனால், சாதாரண மெஷின்கள் ஒரு நேரத்தில் ஒரு போனுக்குத்தான் காது கொடுக்கும். சில செயலிகள் ஒவ்வொரு பில்லுக்கும் இணைப்பைத் திறந்து உடனே மூடிவிடும். சில செயலிகள் காலையில் பிடித்த இணைப்பை ராத்திரி வரை விடுவதில்லை. பையனின் செயலி இரண்டாவது ரகம். அதை முழுவதுமாக மூடியதும் அண்ணாச்சி போனுக்கு வழி கிடைத்தது. இரண்டு போனிலும் பில் போடுகிற கடையென்றால், முதல் ரகச் செயலியாகப் பார்த்து எடுப்பதே நல்லது.

இதைவிட வேடிக்கையான ஒன்றும் நடக்கும். ஒரே மாடல் மெஷின்களுக்குப் பெரும்பாலும் ப்ளூடூத் பெயர் ஒன்றேதான். பக்கத்துக் கடைக்காரரும் அதே மெஷின் வாங்கியிருந்தால் உங்கள் போனில் ‘MTP-II’ இரண்டு தெரியும். பின் நம்பரும் இரண்டுக்கும் ‘0000’. தவறிப்போய் அதைச் சேர்த்துவிட்டால், உங்கள் வாடிக்கையாளரின் மாதச் சாமான் பில் பக்கத்து மருந்துக் கடை கல்லாவில் போய் விழும். செயலி பெயருக்குக் கீழே காட்டும் நீண்ட முகவரியின் கடைசி நான்கு எழுத்துகளை, சுயபரிசோதனைச் சீட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீட்டில் முகவரி இல்லாத மெஷினாக இருந்தால் அதை அணைத்துவிட்டுத் தேடுங்கள். எந்தப் பெயர் காணாமல் போகிறதோ அது உங்களுடையது.

தொகை மட்டும் அடுத்த வரியில்

58 மி.மீ. பேப்பர் என்று சொன்னாலும் அச்சு விழுகிற அகலம் 48 மி.மீ.தான். ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம், வரிசையாக 384 சின்னஞ்சிறு சூடேற்றிகள் அந்தத் தலையில் இருக்கின்றன. மெஷினுக்குள் இருக்கும் வழக்கமான ஆங்கில எழுத்து ஒன்று 12 புள்ளி அகலம். ஆக, ஒரு வரிக்கு 32 எழுத்து. பெரிய கடைகளில் இருக்கும் 80 மி.மீ. மெஷினில் 48 எழுத்து.

அண்ணாச்சி ஆங்கிலத்தில் அடித்த முதல் பில்லின் ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்:

```
Ponni Rice     5   62.00  310.00
```

எண்ணிப் பாருங்கள், இடைவெளியோடு சேர்த்து 32 இடம். செயலியில் தவறுதலாக 3 இன்ச் என்று வைத்திருந்தால், அது 48 இடத்துக்குக் கணக்குப் போட்டு இடைவெளியை நிரப்பி அனுப்பும். மெஷின் 32-வது இடத்தில் வரியை உடைக்கும். விளைவு, சரக்கின் பெயர் ஒரு வரியிலும் தொகை தனியாக அடுத்த வரியிலும் விழும். பில் நீளம் இரண்டு மடங்காகும். இப்படி வந்தால் மெஷினைத் திட்ட வேண்டாம். பேப்பர் அளவை மாற்றினால் சரியாகிவிடும்.

அரிசி எங்கே போச்சு?

இனிதான் நமக்கே நமக்கான சிக்கல். ஆங்கில பில் வந்ததும் அண்ணாச்சி, “நம்ம தெருக்காரவுகளுக்கு இங்கிலீஷ் பில்லு எதுக்கு?” என்று சரக்குப் பட்டியல் முழுவதையும் தமிழில் ஏற்றினார். போன் திரையில் ‘அரிசி’ என்று அழகாக இருந்தது. பேப்பரில் வந்தது இது:

```
α«àα«░α«┐α«Üα«┐
```

பலரும் இதைப் பார்த்து ‘மெஷினில் வைரஸ்’ என்று சொல்வார்கள். உண்மையில் மெஷின் தனக்குத் தெரிந்ததைச் சரியாகவே செய்திருக்கிறது. போன் தமிழை யூனிகோடில், ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் மூன்று பைட் வீதம் அனுப்புகிறது. ‘அ’ என்பது `E0 AE 85`. மெஷின் பழைய ஐ.பி.எம். கணினிக் காலத்து 437 என்ற எழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகப் படிக்கிறது. அந்தப் பட்டியலில் `E0` என்றால் α, `AE` என்றால் «, `85` என்றால் à. ‘அரிசி’யில் அ, ர, இகரக் கொக்கி, ச, மறுபடி கொக்கி என ஐந்து குறிகள். ஐந்துக்கும் மூன்று மூன்றாகப் பதினைந்து கிறுக்கல். ரூபாய்க் குறியீடு ₹ கூட இதே கதிதான். அது Γé╣ என்று விழும். ஆங்கில பில்லில்கூட விலைக்கு முன்னால் இந்த மூன்று கிறுக்கலைப் பார்த்தால், செயலியில் ₹ குறியை எடுத்துவிட்டு Rs என்று போட்டுவிடுங்கள். பிரச்னை அங்கேயே முடிந்தது.

சில மெஷின்கள் சீன எழுத்து முறையிலேயே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அவை இரண்டிரண்டு பைட்டாகச் சேர்த்துப் படிப்பதால், அரிசி கேட்ட இடத்தில் சீன எழுத்து வரும். அந்த முறையை அணைக்க ஒரு கட்டளை இருக்கிறது. சில செயலிகளில் அதற்கு அமைப்பும் உண்டு. ஆனால், அணைத்தாலும் வருவது மேலே சொன்ன கிரேக்கக் கிறுக்கல்தான், தமிழ் வராது.

எழுத்துப் பட்டியலை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். இந்த மெஷின்களில் பொதுவாகத் தமிழ் எழுத்துருவே இல்லை. இருந்தாலும் போதாது. ‘கொ’ என்று எழுத, ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். வந்த வரிசையிலேயே எழுத்தை அடுக்கத் தெரிந்த மெஷினுக்கு இந்த வித்தை தெரியாது. போனுக்குத் தெரியும். அதனால், போனே பில்லை முழுதாக வரைந்து, அதை ஒரு படமாக மெஷினுக்கு அனுப்புவதுதான் வழி. செயலியில் ‘படமாக அச்சிடு’, ‘கிராபிக்ஸ் மோட்’, ‘பிராந்திய மொழி அச்சு’ என்று ஏதோ ஒரு பெயரில் இந்த வசதி இருக்கும். அது இல்லாத செயலியில் தமிழ் பில் வராது. அப்படிப்பட்ட நிலையில் RawBT மாதிரியான, நடுவில் நின்று எதையும் படமாக்கி மெஷினுக்குத் தள்ளும் செயலியைப் போட்டுக்கொண்டு, பில்லை பி.டி.எஃப். ஆக்கி அதற்குப் பகிரலாம். ஒரு தட்டு கூடுதல், அவ்வளவுதான்.

படம் என்றதும் சுமை கூடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு வரி அதிகபட்சம் 32 பைட். அதே வரி தமிழில் படமாகப் போகும்போது, 384 புள்ளி அகலத்துக்கு 48 பைட், 32 புள்ளி உயரம் என்று வைத்தால் 1,536 பைட். இருபது வரி பில் என்றால் ஆங்கிலத்துக்கு 640 பைட். தமிழுக்கு 30,000-க்கும் மேல். எஸ்.பி.பி. இணைப்புக்கு இது பெரிய விஷயமில்லை. பி.எல்.இ. இணைப்பில், போனும் மெஷினும் பெரிய பொட்டலத்துக்குப் பேசி ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒரு தடவைக்கு 20 பைட்தான் போகும். அந்த பில் ஆயிரத்து ஐந்நூறு துண்டாகச் சேர வேண்டும். பி.எல்.இ. வழியாகத் தமிழ் பில் நின்று நின்று, திக்கித் திக்கி வருவதற்குக் காரணம் இதுதான். ஆண்ட்ராய்டு போனில் மெஷின் இரண்டு பெயரில் தெரிந்தால், ‘BLE’ என்ற ஒட்டு இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே ஒரு கோளாறைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது வந்தால் பலரும் மெஷினைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தமிழ் பில் பாதி வரை அழகாக வரும். திடீரென்று எழுத்துகளின் இடது பாதி வலது ஓரத்துக்குப் போய், வரி உடைந்து கலங்கும். அப்படியே நின்றுவிடும். அடுத்த வாடிக்கையாளருக்கு பில் கொடுத்தால் முதலில் கொஞ்சம் புள்ளிக் குப்பை, பிறகு அர்த்தமில்லாத எழுத்துகள் மீட்டர் கணக்கில் ஓடும். என்ன நடக்கிறது? படம் அனுப்புமுன் செயலி இப்படி ஒரு தலைப்பை அனுப்புகிறது:

```
1D 76 30 00 30 00 20 00
```

‘படம் வருகிறது, ஒரு வரிசைக்கு 48 பைட், மொத்தம் 32 வரிசை’ என்பது இதன் பொருள். மெஷின் அதை நம்பி எண்ண ஆரம்பிக்கிறது. போன் வேகமாகக் கொட்ட, மலிவான மெஷினின் சின்ன நினைவகம் நிரம்பி நடுவில் சில பைட் தவறிப்போனால், அதற்குப் பிறகு வரும் புள்ளிகள் எல்லாம் இடம் மாறிவிடும். கணக்கும் நிறையாது. பாக்கிப் பைட்டுக்காக மெஷின் காத்துக்கொண்டே நிற்கும். அடுத்த பில்லின் தொடக்கத்தை அந்தப் பாக்கியில் வரவு வைத்துக்கொள்ளும். அதில் புதுத் தலைப்பும் விழுங்கப்பட்டுவிடுவதால், மீதிப் படத்தை எழுத்து என்று நினைத்து அச்சடித்துத் தள்ளும்.

இதற்குக் கைமருந்து, மெஷினை அணைத்துப் போடுவது. எண்ணிக்கை மறந்துபோகும், அடுத்த பில் ஒழுங்காக வரும். நிரந்தர மருந்து, செயலியில் அனுப்பும் வேகத்தைக் குறைப்பது, அல்லது பில்லைச் சிறு சிறு பட்டைகளாக வெட்டி, நடுவில் சற்று நிறுத்தி அனுப்பச் சொல்வது. RawBT போன்றவற்றில் இந்த அமைப்புகள் இருக்கின்றன. அண்ணாச்சி கடையில் வேகத்தைக் குறைத்த பிறகு, பில் வர முன்பைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாமி படம் போட்டால் சாகும் மெஷின்

அண்ணாச்சி பில்லின் தலையில் முருகன் படம் வேண்டும் என்றார். வெள்ளைப் பின்னணியில் கோட்டோவியமாக இருந்திருந்தால் சிக்கல் இல்லை. அவர் கொடுத்தது காலண்டரில் எடுத்த போட்டோ. பேப்பரில் கறுப்புப் பட்டையாக வர ஆரம்பித்தது; பாதியில் மெஷின் விளக்கு அணைந்து, ப்ளூடூத்தும் அறுந்தது.

ப்ளூடூத் கோளாறு என்று தோன்றும். காரணம் பேட்டரி. எழுத்து அச்சாகும்போது 384 சூடேற்றிகளில் ஒரு பகுதிதான் எரிகிறது. கெட்டிக் கறுப்பு வரும்போது ஏறத்தாழ எல்லாமே எரிய வேண்டும். சார்ஜ் குறைந்த, அல்லது வயதான பேட்டரியால் அந்த மின்சாரத்தைத் திடீரென்று தர முடியாது. மின்னழுத்தம் சரிந்து மெஷின் தானே அணைந்துவிடும். எழுத்து ஒழுங்காக வந்து, லோகோ வரும் இடத்தில் மட்டும் இணைப்பு அறுந்தால் இதுதான் என்று முடிவு செய்துகொள்ளலாம். முதலில் முழு சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். அதன் பிறகும் அணைந்தால் லோகோவைக் கோட்டோவியமாக மாற்றுங்கள். அண்ணாச்சி பில்லில் இப்போது வேல் மட்டும் நிற்கிறது.

மங்கலாக அச்சானாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியைத்தான். அதன் பிறகு அச்சுத் தலையை. பில்லில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு தொடர்ந்து ஓடினால், அந்த இடத்தில் தூசி ஒட்டியிருக்கிறது. மெஷினை அணைத்து, தலை ஆறிய பிறகு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைக்க வேண்டும். துடைத்தும் போகாவிட்டால் அந்த இடத்து சூடேற்றி எரிந்துபோயிருக்கிறது. பிளேடால் சுரண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு கோடு ஒன்று பத்தாகும்.

பில்லின் அடியில் பணம் அனுப்பும் க்யூஆர் போடுவது நல்ல யோசனை. கடைச் சுவரில் ஒட்டியிருப்பதைவிட இதில் ஒரு வசதி: தொகையையும் உள்ளேயே வைத்துவிடலாம். வாடிக்கையாளர் தட்டச்சு செய்ய வேண்டாம்; 515 ரூபாய்க்கு 51 ரூபாய் அனுப்பிவிட்டுப் போகும் பேச்சும் இல்லை. உள்ளே இருக்கும் வரி இவ்வளவுதான்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Kadai&am=515.00&cu=INR
```

`pa` என்ற இடத்தில் கடையின் யூபிஐ முகவரி, `am` என்ற இடத்தில் தொகை. செயலி இதைத் தானே செய்துகொள்ளும். நீங்கள் பார்க்க வேண்டியது க்யூஆரின் அளவை. பக்கத்துக்கு 25 மி.மீ.க்குக் குறைந்தால், சார்ஜ் குறைந்த பேட்டரியில் அடித்த கட்டங்களைப் பழைய போன் கேமராக்கள் படிக்கத் திணறும். சில மலிவு மெஷின்களுக்கு க்யூஆர் வரையும் கட்டளையே தெரியாது. படத்துக்குப் பதில் அந்த நீள வரியையே அச்சடித்துவிடும். அப்போதும் வழி அதேதான், க்யூஆரைப் படமாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

மங்கும் பேப்பர், மங்காத சட்டம்

ரோல் வாங்கும்போது அகலத்தை மட்டும் பார்க்கிறார்கள். கையடக்க மெஷின்களில் பலவற்றுக்குள் 40 மி.மீ. விட்டத்துக்கு மேல் உள்ள ரோல் உட்காராது. விலை மலிவு என்று டஜன் கணக்கில் பெரிய ரோல் வாங்கிவிட்டு, தினமும் ஒன்றைப் பாதியாகச் சுற்றியெடுத்துப் போடுகிற கடைகள் இருக்கின்றன. 15 மீட்டர் ரோலில், க்யூஆரோடு சேர்த்து 12 செ.மீ. நீள பில் என்றால் ஏறத்தாழ 125 பில் வரும். அந்தக் கணக்கில் எது மலிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மை இல்லாமல், சூட்டால் கறுக்கும் பூச்சு என்பதால் அந்தக் கறுப்பு நிரந்தரமில்லை. வெயில், எண்ணெய், பிளாஸ்டிக் உறை ஆகியவை அதை அழித்துவிடும். மளிகைக் கடையில் மூன்றுமே உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடை கணக்கு வழக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். தெர்மல் நகலை நம்பி அவ்வளவு காலம் இருக்க முடியாது. செயலியில் இருக்கும் பில் பதிவை மாதா மாதம் வெளியே எடுத்து வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள். போன் தொலைந்தால் செயலியும்தான் தொலையும்.

இன்னொன்று, செயலிகள் சிலவற்றில் பில்லின் தலையில் ‘Tax Invoice’ என்பது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத கடை வரி வசூலிக்கவே கூடாது. அந்தத் தலைப்பும் அதற்கு இல்லை. வெறும் பில் என்று மாற்றிவிடுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் போட வேண்டியது ‘Bill of Supply’. அண்ணாச்சி கடை இரண்டாவது ரகம். ஆரம்பத்தில் அடித்த ஆங்கில பில்கள் எல்லாமே தப்பான தலைப்பில்தான் போயிருந்தன.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. கடையில் காட்டும் சுயபரிசோதனைச் சீட்டைப் பார்த்து மயங்காதீர்கள். அது எல்லா மெஷினிலும் வரும். உங்கள் போனையும், நீங்கள் பயன்படுத்தப்போகும் செயலியையும் கையோடு கொண்டுபோங்கள். தமிழில் இருபது வரி பில் ஒன்றை, க்யூஆரோடு தயாராக வைத்திருங்கள். அதை அங்கேயே, தொடர்ந்து மூன்று தடவை அடிக்கச் சொல்லுங்கள். மூன்றும் கலங்காமல் வந்து, க்யூஆரை இன்னொரு போன் படித்தால் பணத்தைக் கொடுங்கள். ‘வீட்டுக்குப் போய் அப்டேட் பண்ணிக்கலாம் சார்’ என்றால், வேறு மெஷின் பாருங்கள்.